இரண்டு பக்கமும் இழுத்த அலுமினியத் தகடு, கனம் எவ்வளவு குறையும்? மூணு பேருக்கு மூணு விடை

மேலூர்_மெக் எழுதியது:

வணக்கம் அண்ணன்களே. மதுரைல ஒரு காலேஜ்ல மெக்கானிக்கல் மூணாம் வருஷம். லேப்ல கூட்டல் குறி வடிவத்துல வெட்டின அலுமினியத் தகட்ட நாலு கையிலயும் பிடிச்சு ஒரே நேரத்துல ரெண்டு திசையிலயும் இழுத்தோம். நடுவுல கனம் 4 மி.மீ. அங்க ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா ரெண்டு ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியிருக்கு. ஒண்ணு 600 மைக்ரோஸ்ட்ரெயின் காட்டுச்சு, இன்னொண்ணு 400. ரெண்டுமே நீட்சிதான். லேப் மேனுவல்ல யங் குணகம் 70 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 1/3னு போட்டுருக்கு. நடுவுல கனம் எவ்வளவு குறையும்னு கேள்வி.

நான் போட்டது: ஒவ்வொரு நீட்சியும் தன்னோட மூணுல ஒரு பங்கு கனத்தக் குறைக்கும். ஆக 1000-த்துல மூணுல ஒண்ணு, 333 மைக்ரோ. 4 மி.மீ.க்கு 1.33 மைக்ரான்.

ரூம்மேட் போட்டது: உலோகத்தோட கன அளவு மாறாது, அதனால நீண்டதெல்லாம் கனத்துல குறையணும். 1000 மைக்ரோ, 4 மைக்ரான்.

மேனுவல்ல பின்பக்கம் விடை மட்டும் இருக்கு: 2.0 மைக்ரான். வழி கிடையாது. மூணுல எது சரி? திங்கக்கிழமை வைவா.

---

எவர்சில்வர்_பட்டறை எழுதியது:

தம்பி, உன் ரூம்மேட் சொல்றதுதான் சரி. நாங்க பாத்திரம் அடிக்கிறவங்க, ஷீட்ட டையில வச்சு அமுக்குறதுதான் பொழப்பு. 1 மி.மீ. ஷீட்ட ரெண்டு பக்கமும் இழுபடுற மாதிரி குழிச்சா, பரப்பு கால் பங்கு கூடுன எடத்துல கனம் 0.8-க்கு வந்து நிக்கும். பெருக்கிப் பாரு, 1.25 தடவை 0.8, ஒண்ணுதான். உலோகம் எங்கயும் ஓடிப் போகாது. மேனுவல்ல அச்சுப்பிழையா இருக்கும்.

---

பழைய_வாத்தியார் எழுதியது:

அச்சுப்பிழை இல்லை, மேனுவல் சரி. பட்டறை அண்ணாச்சி சொல்வதும் அவர் வேலைக்குச் சரிதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தம்பியின் 1.33.

உன் சூத்திரத்தை உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நிலைமையில் சோதித்துப் பார். அதே தகட்டிலிருந்து ஒரு பட்டையை வெட்டி ஒரே திசையில் மட்டும் இழு. நீளவாக்கில் 600 என்று வை. பாய்சான் விகிதம் 1/3 என்றால் அகலம் 200 சுருங்கும். கனம்? அகலத்துக்கும் கனத்துக்கும் அங்கே எந்த வேறுபாடும் கிடையாது, இரண்டு பக்கமும் விசையே இல்லை. ஆகவே கனமும் 200-தான் சுருங்க வேண்டும். இப்போது உன் முறையில் போடு: 600-ம் −200-ம் சேர்த்தால் 400, அதில் மூன்றில் ஒன்று 133. ஒரே பட்டை அகலத்தில் 200-ம் கனத்தில் 133-ம் சுருங்குமா? எல்லாத் திசையிலும் ஒரே குணம் உள்ள பொருளில் அது நடக்காது.

எங்கே வழுக்கியது என்றால், பாய்சான் சுருக்கம் தகைவைப் பின்தொடர்ந்து வருவது. கேஜ் காட்டும் திரிபைப் பின்தொடர்ந்து அல்ல. ஒரு திசையில் மட்டும் இழுக்கும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் விகிதத்தில் இருப்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. இரண்டு திசையில் இழுத்தால் படும். x திசையில் நீ படித்த 600 என்பது x விசை உண்டாக்கிய முழு நீட்சி அல்ல. y விசை பக்கவாட்டில் உள்ளே இழுத்துக் குறைத்தது போக மிச்சம் நிற்பதுதான் 600. 400-க்கும் அதே கதை. அந்த மிச்சத்தை வைத்துக் கனத்தைக் கணக்கிட்டால் குறைவாகத்தானே வரும்?

---

மேலூர்_மெக் எழுதியது:

சார், பட்டை உதாரணம் புரிஞ்சிருச்சு. அப்ப 2.0 எப்படி வருது? அந்த மிச்சத்துல இருந்து முழுசை எப்படி எடுக்குறது?

---

பழைய_வாத்தியார் எழுதியது:

தகைவுக்குத் திரும்பிப் போய் வருவதுதான் வழி. தகடு மெல்லியது, மேலும் கீழும் காற்றுதான். ஆகவே கனத்தின் திசையில் தகைவு பூச்சியம் என்று எடுத்துக்கொள்கிறோம். மொத்தக் கணக்கும் அந்த ஒரு அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. ε திரிபு, σ தகைவு, ν பாய்சான் விகிதம், E யங் குணகம், z கனத்தின் திசை என்று வைத்துக்கொள். அப்போது:

```
εx = (σx − ν·σy) / E
εy = (σy − ν·σx) / E
εz = −ν·(σx + σy) / E
```

மூன்றாவது வரியில் தகைவுகளின் கூட்டுத்தொகை மட்டும்தான் வருகிறது. முதல் இரண்டையும் கூட்டினால் அதே கூட்டுத்தொகை (1−ν) மடங்காகக் கிடைக்கும். கேஜில் மிச்சம் நிற்கும் பங்கு அந்த (1−ν)-தான். அதால் வகுத்தால் முழுசு திரும்ப வந்துவிடும்:

```
εz = −(ν / (1−ν)) · (εx + εy)
```

1/3 போட்டால் ν/(1−ν) சரியாக 1/2. ஆயிரத்தில் பாதி 500 மைக்ரோ, 4 மி.மீ.க்கு 2.0 மைக்ரான். யங் குணகம் எங்குமே வரவில்லை, கவனித்தாயா? திரிபை அளந்துவிட்டால் கனத்துக்குப் பாய்சான் விகிதம் ஒன்று போதும்.

வைவாவில் தகைவையும் கேட்பார்கள், போட்டு வைத்துக்கொள். x திசையில் 57.75 மெகாபாஸ்கல், y திசையில் 47.25. இரண்டும் சேர்ந்து 105. அதை 70,000-ஆல் வகுத்து மூன்றில் ஒன்று எடுத்தால் அதே 500 மைக்ரோ. பட்டைச் சோதனையையும் புதுச் சூத்திரத்தில் ஓட்டிப் பார்: 400-ல் பாதி 200. அகலமும் கனமும் ஒத்துப் போகின்றன.

---

எவர்சில்வர்_பட்டறை எழுதியது:

வாத்தியாரே, கணக்கெல்லாம் சரி, ஆனா இடிக்குதே. 600 கூடுது, 400 கூடுது, 500 குறையுது. மொத்தத்துல 500 மைக்ரோ கன அளவு கூடிருச்சுன்னு ஆகுது. இழுத்தா உலோகம் பெருக்குமா? அந்தக் கூடுதல் எங்க இருந்து வந்துச்சு?

---

பழைய_வாத்தியார் எழுதியது:

ஆமாம் அண்ணாச்சி, பெருக்கும். எடை கூடாது, அடர்த்தி கொஞ்சம் குறையும். எல்லாத் திசையிலும் அமுக்கினால் உலோகம் சிறிதளவு சுருங்கும் என்று ஒத்துக்கொள்வீர்கள்தானே? அதன் மறுபக்கம்தான் இது. அணுக்களுக்கு இடையே உள்ள தூரமே கொஞ்சம் கூடுகிறது, விசையை விட்டதும் பழைய தூரத்துக்கு வந்துவிடும்.

உங்கள் டையில் நடப்பது வேறு. அங்கே அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி இடம் மாறுகின்றன. வழுக்கினால் வடிவம் மாறுமே தவிர தூரம் மாறாது, அதனால்தான் நீங்கள் பெருக்கிப் பார்க்கும்போது ஒன்று வருகிறது. அந்த நேரத்திலும் மீள்தன்மைப் பங்கு உள்ளே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் கணக்கு நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து என்று போகிறது. மீள்தன்மைப் பங்கு நூற்றுக்குக் கால், அரை என்ற அளவைத் தாண்டாது. உங்கள் மைக்ரோமீட்டருக்கு அது தெரியாது. தம்பியின் தகட்டிலோ மொத்தக் கதையே ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிகிறது, வழுக்கல் இன்னும் தொடங்கவே இல்லை.

சூத்திரத்தில் பாய்சான் விகிதம் 0.5 என்று போட்டுப் பாருங்கள். ν/(1−ν) ஒன்றாகிவிடும், உங்கள் விடை வந்துவிடும். ரப்பர் ஷீட் இந்த 0.5-ஐ ஒட்டியே நடக்கும். அலுமினியம் 1/3, எஃகு 0.3.

---

கப்பலூர்_டேங்க் எழுதியது:

நல்ல நேரத்துல இந்த இழை கண்ணுல பட்டுச்சு. கப்பலூர்ல ஃபேப்ரிகேஷன் வச்சிருக்கேன். போன மாசம் ஒரு ஏர் ரிசீவர் டேங்க், விட்டம் 1000, பிளேட் 8 மி.மீ., தண்ணி நிரப்பி 1.5 மெகாபாஸ்கல் வரைக்கும் அழுத்தி டெஸ்ட் பண்ணுனோம். டெஸ்டுக்கு முன்னாடி அல்ட்ராசோனிக் மீட்டர்ல 8.0, பின்னாடி 7.9. இப்ப பார்ட்டி "டெஸ்ட்ல தகடு இழுபட்டு மெலிஞ்சு போச்சு, வேற டேங்க் குடு"ன்னு நிக்கிறாரு. டேங்க்ல வளையத் திசையிலயும் நீளவாக்குலயும் ரெண்டு பக்கம் இழுபடத்தான செய்யுது. இந்தக் கணக்குப்படி 0.1 குறையுமா?

---

பழைய_வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வி வேறு. இழுவையில் இருக்கும்போது குறைவது ஒன்று, அழுத்தத்தை இறக்கிய பிறகும் குறைந்தே நிற்பது இன்னொன்று. இரண்டையும் பார்ப்போம்.

அழுத்தத்தில் இருக்கும்போது: வளையத் தகைவு 1.5 தடவை 500, வகுத்தல் 8, சுமார் 94 மெகாபாஸ்கல். நீளவாக்கில் அதில் பாதி, 47. கூட்டினால் 141. எஃகுக்கு 0.3-ஆல் பெருக்கி 2,00,000-ஆல் வகுத்தால் 211 மைக்ரோ. 8 மி.மீ.க்கு 1.7 மைக்ரான். உங்கள் மீட்டரின் கடைசி இலக்கம் 0.1 மி.மீ., அதாவது 100 மைக்ரான். அதில் இது வரவே வராது. அதுவும் அழுத்தத்தை இறக்கியதும் திரும்பிவிடும்.

(கனத்தின் திசையில் தகைவு பூச்சியம் என்றேனே, டேங்கின் உள்சுவரில் அது முழுக்க உண்மையில்லை. தண்ணீர் 1.5 மெகாபாஸ்கலில் தகட்டை அமுக்குகிறது. அதனால் உள்சுவரை ஒட்டி இன்னும் 7 அல்லது 8 மைக்ரோ குறையும், வெளிச்சுவரில் ஒன்றுமில்லை. 211-க்கு முன்னால் விட்டுவிடலாம். தடித்த சுவருள்ள சிலிண்டரில் விட முடியாது.)

நிரந்தரமாக மெலிந்தது என்றால்: 8-ல் 0.1 என்பது நூற்றுக்கு ஒன்றேகால். அவ்வளவு என்றால் எஃகு இளகி ஓடியிருக்க வேண்டும், அங்கே அண்ணாச்சியின் "கன அளவு மாறாது" விதிதான் ஆளும். உருளையில் நீளவாக்குத் தகைவு வளையத் தகைவில் சரியாகப் பாதி என்பதால், அந்த ஓட்டத்தில் நீளம் ஏறக்குறைய மாறாது. மெலிந்தது முழுவதும் சுற்றளவில் போய்ச் சேரும். சுற்றளவு 3142 மி.மீ., அதில் ஒன்றேகால் சதவீதம் 39 மி.மீ.

டேங்கின் நடுப்பகுதியில் ஒரு டேப்பைச் சுற்றி அந்தப் பார்ட்டி முன்னாலேயே காட்டுங்கள். ஒன்றரை அங்குலம் பெருத்திருந்தால் அவர் சொல்வது உண்மை. டெஸ்டுக்கு முன் அளந்த சுற்றளவோ டிராயிங்கோ இருக்கும்தானே?

---

கப்பலூர்_டேங்க் எழுதியது:

இருக்கு சார், ரோலிங்குக்கு வெட்டின நீளமே இருக்கு. 39 மி.மீ. பெருத்தா சேடில்லயே உக்காராதே! அப்ப அந்த 7.9 எப்படி வந்துச்சு?

---

கேஜ்_ஒட்டுறவ எழுதியது:

அண்ணே, ரெண்டு தடவையும் ஒரே புள்ளியிலயா புரோப் வச்சீங்க? சாக்பீஸ்ல வட்டம் போட்டு வைக்கலேன்னா அந்தப் பேச்சே எடுக்க முடியாது. ஒரே பிளேட்டுல எடத்துக்கு எடம் 0.1 மாறுறது சாதாரணம். ஒலி வேகம் வேற செட்டிங்ல இருந்தாலும் மாறும், பெயிண்டுக்கு மேல ஒரு தடவையும் பெயிண்ட் இல்லாம ஒரு தடவையும் எடுத்தாலும் மாறும். தெரிஞ்ச கனமுள்ள பிளாக்குல மீட்டரச் சரிபார்த்துட்டு, பத்து எடத்துல குறி போட்டு எடுங்க.

மேலூர் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும், அதுக்குத்தான் வந்தேன். நான் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டுற வேலைல இருக்கேன். ஒட்டுன கேஜ் எஃகுக்குப் பொருத்தமானதா, அலுமினியத்துக்கா? பாக்கெட்டுல 11ன்னு போட்டிருந்தா எஃகுக்கு, 23ன்னு போட்டிருந்தா அலுமினியத்துக்கு. டிகிரிக்கு அத்தனை மைக்ரோ விரியிற பொருளுக்குன்னு அர்த்தம். லேப்ல பெரும்பாலும் ஒரே பெட்டி வாங்கி எல்லாத்துக்கும் ஒட்டிருவாங்க.

எஃகு கேஜ அலுமினியத்துல ஒட்டினா, சூடு ஒரு டிகிரி ஏறினா சுமார் 12 மைக்ரோ பொய்யாக் கூடுதல் காட்டும். சித்திரை வெயில்ல ஏசி இல்லாத லேப்ல காலைல பூச்சியம் வச்சிட்டு மதியம் இழுத்தா 5 டிகிரி ஏறாதா? ரெண்டு கேஜும் ஆளுக்கு 60 கூடுதல். அப்ப உண்மையான மெக்கானிக்கல் திரிபு 540-ம் 340-ம். கூட்டினா 880, கனத்துக்கு −440.

அதோட நிக்காது. தகடே சூட்டுல விரியும், கனத்துலயும் 5 டிகிரிக்கு 115 மைக்ரோ. −440-ம் +115-ம் சேர்ந்தா −325. 4 மி.மீ.க்கு 1.3 மைக்ரான்!

வேடிக்கையப் பாருங்க, தம்பியோட தப்பான சூத்திரம் குடுத்த 1.33-க்குப் பக்கத்துல வந்து நிக்குது. எண்ணு ஒத்துப்போச்சுன்னு சூத்திரத்த நம்பிரக் கூடாது.

---

மேலூர்_மெக் எழுதியது:

அக்கா, பாக்கெட்டு நாங்க பாக்கல, கேஜ் ஏற்கனவே ஒட்டியிருந்துச்சு. இப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்னொண்ணு, லோடு செல்லும் இருக்கு. கேஜே வேணாம், விசைய நடுப்பகுதியோட குறுக்குப் பரப்பால வகுத்து தகைவு எடுத்து, வாத்தியாரோட மூணாவது வரியில போட்டா போதாதா?

---

கேஜ்_ஒட்டுறவ எழுதியது:

விசையே இல்லாம காலைல ஒரு தடவை, மதியம் ஒரு தடவை ரீடிங் எடு. பக்கத்துல ஒரு தெர்மாமீட்டர் வை. சும்மா கெடக்குற தகட்டுல ரெண்டு கேஜும் ஒரே அளவு ஏறுனா அது சூடு. டிகிரிக்கு 12 பக்கம் வந்தா எஃகு கேஜ்தான். அப்படியே தகட்டுக்குப் பின்பக்கமும் கேஜ் இருக்கான்னு பாரு. பிடி கொஞ்சம் கோணலா இருந்தா தகடு வளையும், ஒரு முகம் கூட்டிக் காட்டும், மறுமுகம் குறைச்சுக் காட்டும். ரெண்டு முகத்தோட சராசரிதான் இழுவை. ஒரு முகத்த மட்டும் நம்பினா 600 உண்மைல 550-ஆ இருக்கலாம், 650-ஆவும் இருக்கலாம்.

---

பழைய_வாத்தியார் எழுதியது:

லோடு செல் கேள்வி நல்ல கேள்வி. பட்டையில் அது சரியாக வரும். கூட்டல் குறித் தகட்டில் வராது. x கைகளில் இழுக்கும் விசை முழுவதும் நடுப்பகுதி வழியாகவே போகாது. ஒரு பங்கு மூலைகளைச் சுற்றி y கைகளின் வேர்ப்பகுதிக்குள் நுழைந்து வெளியே வரும். எந்தப் பரப்பால் வகுப்பது என்பதே அங்கே தெளிவில்லை. நடுப்பகுதியை மட்டும் கனம் குறைத்து வெட்டியிருந்தால் அதைச் சுற்றியுள்ள தடித்த ஓரமும் விசையைப் பங்கு போட்டுக்கொள்ளும். விசையை வைத்து எடுத்த தகைவையும் கேஜை வைத்து எடுத்த தகைவையும் இரண்டு நிரலாக எழுதிப் பார், எவ்வளவு பங்கு வெளியே போகிறது என்பது உனக்கே தெரிந்துவிடும். கனத்துக்குக் கேஜையே நம்பு.

---

எவர்சில்வர்_பட்டறை எழுதியது:

இம்புட்டும் பண்ணி ரெண்டு மைக்ரான்! எங்க மைக்ரோமீட்டர்ல கோடு பத்து மைக்ரானுக்கு ஒண்ணு. நேரா அளந்து பாக்க வழியே இல்லையா? கணக்க கணக்கால சரிபார்த்துக்கிட்டே இருக்கீங்க.

---

கேஜ்_ஒட்டுறவ எழுதியது:

அண்ணாச்சி கேக்குறது நியாயம். மைக்ரோமீட்டர் ஆகாது, கை அழுத்தத்துலயே ரெண்டு மைக்ரான் போயிரும். அல்ட்ராசோனிக்லயும் சிக்கல் இருக்கு. தகைவுல இருக்குற உலோகத்துல ஒலியோட வேகமே கொஞ்சம் மாறும். எதிரொலி வர்ற நேரம் மாறினது கனத்தாலயா வேகத்தாலயான்னு பிரிக்கணும். தகட்டோட ரெண்டு முகத்துலயும் எதிரெதிரா நுண் இடப்பெயர்ச்சி சென்சார் வச்சு, ரெண்டு ரீடிங்கையும் சேர்த்து எடுத்தா வரலாம். தகடு முன்னாடி பின்னாடி நகர்றது அதுல அடிபட்டுப் போகும், கனம் மாறினது மட்டும் மிஞ்சும். காலேஜ் லேப்ல அதெல்லாம் இருக்குமான்னு தெரியல.

---

மேலூர்_மெக் எழுதியது:

இல்லக்கா. கடைசியா ஒண்ணு. மேனுவல்ல 1/3ன்னு போட்டுருக்கு, டேட்டா புத்தகத்துல இந்த அலாய்க்கு 0.33. ரூம்மேட் எங்கயோ 0.35 பாத்தானாம். அந்த 0.02 பெரிய விஷயமா?

---

பழைய_வாத்தியார் எழுதியது:

இந்தச் சூத்திரத்தில் ஆமாம். ν/(1−ν) என்பதில் ν மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. 0.33-க்கு 0.493, 0.35-க்கு 0.538. பாய்சான் விகிதத்தில் நூற்றுக்கு ஆறு கூடினால் கனமாற்றத்தில் நூற்றுக்கு ஒன்பது கூடுகிறது. 2.0 என்பது 1.97-ஆகவும் இருக்கலாம், 2.15-ஆகவும் இருக்கலாம். அதே தகட்டிலிருந்து ஒரு பட்டை வெட்டி, நீளவாக்கில் ஒரு கேஜ், அகலவாக்கில் ஒரு கேஜ் ஒட்டி இழுத்தால் உன் தகட்டின் விகிதமே கிடைத்துவிடும்.

---

கேஜ்_ஒட்டுறவ எழுதியது:

சார், அதுலதான் எனக்கு ஒரு சந்தேகம். ரோலிங் பண்ணின ஷீட்டுல உருட்டுன திசையில ஒரு பட்டை, குறுக்க ஒரு பட்டை வெட்டினா ரெண்டும் ஒரே விகிதம் தருமா? தரலேன்னா எதப் போடுறது? அகலத்துக்கு வர்ற விகிதமும் கனத்துக்கு வர்ற விகிதமும் ஒண்ணுன்னு வச்சுத்தான நீங்க பட்டைச் சோதனையே ஆரம்பிச்சீங்க.

---

பழைய_வாத்தியார் எழுதியது:

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அம்மா. எல்லாத் திசையிலும் ஒரே குணம் என்று வைத்துத்தான் எல்லாவற்றையும் எழுதினேன். அலுமினியத்தில் மீள்தன்மை எல்லைக்குள் அந்த வேறுபாடு சிறிதாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம்; டையில் இழுக்கும்போதுதான் அது பெரிதாகும், பட்டறை அண்ணாச்சிக்கு அது நன்றாகத் தெரியும். இந்தத் தகட்டில் எவ்வளவு என்பதைக் கனத்தை நேராக அளக்காமல் என்னால் சொல்ல முடியாது. தம்பி, மிச்சத் தகடு இருந்தால் இரண்டு திசையிலும் பட்டை வெட்டி ரீடிங்கை இங்கே போடு.

---

மேலூர்_மெக் எழுதியது:

ஓரத்துல வெட்டின துண்டு ஒண்ணு கெடக்கு சார், ஆனா உருட்டுன திசை எதுன்னு குறி இல்ல. மேற்பரப்புல மெல்லிசா கோடு கோடா தெரியுது, அதுவா?

---

எவர்சில்வர்_பட்டறை எழுதியது:

அதான். கோடு போற பக்கம்தான் உருட்டுன பக்கம். வெட்டுறதுக்கு முன்னாடி மார்க்கர்ல அம்புக்குறி போட்டுக்க.